விலகும் ஆலோசகரின் பங்கும் ரகசியக் கடமையும்

கேள்வி: "ஒரு ஸ்டார்ட்அப்போட அட்வைசரி போர்டுல ஒன்றேகால் வருஷமா இருக்கேன். சேரும்போது 0.5% ஈக்விட்டி, ரெண்டு வருஷத்துல மாசாமாசம் வெஸ்ட் ஆகும்னு லெட்டர் கொடுத்தாங்க. இன்னிக்கு வரைக்கும் ஒரு ஷேர்கூட என் பேர்ல வரல. இப்போ விலகலாம்னு இருக்கேன். விலகினா அந்த ஈக்விட்டி என்ன ஆகும்? என்.டி.ஏ. எத்தனை நாள் என்னைக் கட்டும்? ராஜினாமா லெட்டர்ல என்ன எழுதணும்?"

நீங்கள் சொன்னதை வைத்து, இது இந்தியாவில் பதிவான பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். அமெரிக்காவில் டெலவேரில் பதிவான கம்பெனி என்றால் பங்கு விஷயம் வேறு மாதிரி போகும். அதைப் பிற்பாடு சொல்கிறேன். உங்கள் கடிதத்தை நான் பார்க்கவில்லை. அதனால் சட்டம் என்ன சொல்கிறது என்பதை உறுதியாகச் சொல்ல முடியும். உங்கள் கடிதத்தின் வாசகம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைச் சொல்ல முடியாது.

விலகுவதில் சட்டச் சிக்கல் எதுவும் இல்லை. அட்வைசரி போர்டு என்பது இயக்குநர் குழு அல்ல. கம்பெனிகள் பதிவாளரிடம் எந்தப் படிவமும் போட வேண்டியதில்லை, ஒப்பந்தத்தில் சொன்ன அறிவிப்புக் காலத்தைக் கொடுத்தால் போதும். ஒன்றை மட்டும் சரிபாருங்கள்: ஏதோ ஒரு கட்டத்தில் டி.ஐ.என். என்ற இயக்குநர் அடையாள எண்ணை உங்களிடம் வாங்கி, உங்களைக் கூடுதல் இயக்குநராகப் பதிவு செய்திருக்கிறார்களா? கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் கம்பெனியின் பெயரைத் தேடினாலே இயக்குநர் பட்டியல் வரும். அதில் உங்கள் பெயர் இருந்தால் அது தனி ராஜினாமா, தனி நடைமுறை. இல்லையென்றால் தொடர்ந்து படியுங்கள்.

சிக்கல் முழுவதும் அந்த 0.5 சதவீதத்தில்தான் இருக்கிறது. பெரும்பாலான ஃபவுண்டர்கள் ஆலோசகருக்கு ஈக்விட்டி தருகிறேன் என்று எழுதும்போது இணையத்தில் கிடைக்கும் அமெரிக்க மாதிரிக் கடிதத்தை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றிவிடுகிறார்கள். அங்கே ஆலோசகருக்கு ஸ்டாக் ஆப்ஷன் கொடுப்பது சர்வசாதாரணம். இந்தியாவில் அப்படி இல்லை. கம்பெனிகள் சட்டம், 2013-இன்படி ஊழியர் பங்கு விருப்பம், அதாவது ஈசாப், நிரந்தர ஊழியருக்கும் இயக்குநருக்கும் மட்டுமே. இயக்குநர்களிலும் சுயேச்சை இயக்குநருக்குக் கிடையாது. மாதம் ஒரு மணி நேரம் ஆலோசனை சொல்லும் வெளியாள் அந்த வரையறைக்குள் வரமாட்டார். உழைப்புக்கு ஈடாகத் தரும் ஸ்வெட் ஈக்விட்டிக்கும் இதே கதைதான். அதுவும் ஊழியருக்கும் இயக்குநருக்கும்தான். தவிர, ஈசாப் கொடுத்த நாளுக்கும் முதல் வெஸ்டிங்குக்கும், அதாவது அதில் உரிமை முதன்முதலாக உறுதியாகும் நாளுக்கும், இடையில் குறைந்தது ஒரு வருடம் இருக்க வேண்டும் என்பது விதி. உங்கள் கடிதத்தில் எதுவும் வெஸ்ட் ஆகாத மூன்று மாதக் கிளிஃப், பிறகு மாதாமாதம் வெஸ்டிங் என்று இருந்தால், எழுதியவர் இந்திய ஈசாப் விதியைப் பார்க்காமல் எழுதியிருக்கிறார் என்பதற்கு அதுவே அடையாளம். பதினைந்து மாதமாக ஒரு பங்கும் வராததற்குக் காரணம் ஃபவுண்டரின் கெட்ட எண்ணமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அவருடைய கம்பெனி செக்ரட்டரி "இதை இந்த வழியில் கொடுக்க முடியாது" என்று சொல்லியிருப்பார், அவர் அதை உங்களிடம் சொல்லத் தயங்கியிருப்பார். இப்படித்தான் பெரும்பாலும் நடக்கிறது.

அதற்காக உங்கள் உரிமை காற்றில் போய்விட்டது என்று அர்த்தமில்லை. ஈசாப் என்ற வாகனத்தில் வர முடியாது, அவ்வளவுதான். வாக்குறுதி ஒப்பந்தமாக நிற்கிறது. அதை நிறைவேற்றக் கம்பெனியிடம் நடைமுறையில் மூன்று வழிகள் இருக்கின்றன. முதல் வழி, தனிப்பட்ட முறையில் பங்கு ஒதுக்குவது. இதற்கு இயக்குநர் குழுத் தீர்மானம், பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம், அதாவது பதிவான வாக்குகளில் முக்கால் பங்கின் ஆதரவு, பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை ஆகியவை வேண்டும்; ஒதுக்கிய 15 நாளுக்குள் PAS-3 படிவத்தைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். முதலீட்டாளர்கள் உள்ளே வந்திருந்தால் ஷேர்ஹோல்டர் அக்ரிமெண்ட்டின்படி அவர்களுடைய எழுத்து மூலமான சம்மதமும் பெரும்பாலும் தேவைப்படும். இரண்டாவது வழி, ஃபவுண்டர் தன்னுடைய சொந்தப் பங்கிலிருந்து உங்களுக்கு மாற்றித் தருவது. காகிதப் பங்கு என்றால் SH-4 படிவம். சிறு நிறுவன வரம்பைத் தாண்டிய பிரைவேட் கம்பெனிகளில் இப்போது டீமேட் மூலம்தான் மாற்றமே. இங்கும் கம்பெனியின் சங்க விதிகளில் உள்ள மாற்றுக் கட்டுப்பாடும் முதலீட்டாளரின் முன்னுரிமை வாங்கும் உரிமையும் குறுக்கே வரும். மூன்றாவது வழி, பங்கே இல்லாமல், கம்பெனி விற்கப்படும்போதோ அடுத்த பெரிய முதலீட்டின்போதோ அத்தனை பங்குக்கு ஈடான பணத்தைத் தருகிறோம் என்ற ஒப்பந்தம். இதைப் பேண்டம் ஸ்டாக் என்பார்கள். ஓட்டுரிமை கிடையாது, யாரிடம் எத்தனை பங்கு என்று காட்டும் கேப் டேபிளில் பெயர் வராது, ஆனால் கம்பெனிக்கு இது எளிது. அதனால் விலகும் ஆலோசகரிடம் பெரும்பாலும் இதைத்தான் நீட்டுவார்கள்.

இங்கே உங்கள் கடிதத்தில் ஒரு சொல்லைத் தேடுங்கள். பங்கு தருவதாகச் சொன்னது "கம்பெனி"யா, "நான்" என்று எழுதிய ஃபவுண்டரா? கம்பெனியின் லெட்டர்ஹெட்டில், இயக்குநர் என்ற முறையில் கையெழுத்திட்டிருந்தால் அது கம்பெனியின் வாக்குறுதி. வாட்ஸ்அப்பிலோ சொந்த மெயிலிலோ "என் ஸ்டேக்ல இருந்து அரை பர்சண்ட் தரேன்" என்று எழுதியிருந்தால் அது அவருடைய தனிப்பட்ட வாக்குறுதி. அடுத்த ரவுண்டில் வரும் முதலீட்டாளரின் வழக்கறிஞர் கம்பெனியைத்தான் துருவுவார். கம்பெனியின் மேல் தொங்கும் எழுதப்பட்ட பங்குக் கோரிக்கை அந்த ரவுண்டுக்கு முன்னால் தீர்க்கப்பட வேண்டிய விஷயமாகிவிடும். ஃபவுண்டரின் தனி வாக்குறுதிக்கு அந்த அழுத்தம் குறைவு.

அடுத்தது எண். 0.5 சதவீதம் எதில் 0.5 சதவீதம், எந்த நாளில்? இதைக் கடிதத்தில் எழுதாமல் விட்டிருப்பது மிகப் பொதுவான குறை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2024 ஏப்ரல் 1 அன்று நீங்கள் சேர்ந்தபோது கம்பெனியில் ஈசாப் ஒதுக்கீடு எல்லாம் சேர்த்து, ஃபுல்லி டைல்யூட்டட் அடிப்படையில், 2,00,000 பங்குகள் இருந்தன என்று வைத்துக்கொள்வோம். அதில் 0.5 சதவீதம் 1,000 பங்கு. 24 மாதத்தில் வெஸ்ட் ஆக வேண்டியதில் 2025 ஜூன் 30 அன்று 15 மாதம் முடிகிறது. ஆக, உங்களுக்குச் சேர வேண்டியது 625 பங்கு. நடுவில் ஒரு முதலீட்டு ரவுண்டு நடந்து மொத்தம் 2,60,000 பங்கு ஆகிவிட்டது என்றால், விலகும் நாளின் எண்ணிக்கையில் 0.5 சதவீதம் 1,300. அதில் 15 மாதத்துக்கு 812 பங்கு. கம்பெனி தரப்பு வேறொரு கணக்கோடு வரலாம்: சேர்ந்த நாளில் ஈசாப்புக்கு ஒதுக்கி வைத்த 16,000 பங்கைக் கழித்து, கையில் வழங்கப்பட்ட 1,84,000-இல் மட்டும் 0.5 சதவீதம், அதாவது 920. அதில் 15 மாதத்துக்கு 575. ஒரே வாக்கியத்துக்கு மூன்று விடை. கடைசி ரவுண்டின் விலை பங்குக்கு 2,000 ரூபாய் என்றால் 575-க்கும் 812-க்கும் நடுவில் 4,74,000 ரூபாய் நிற்கிறது.

இதில் எது சரி? கடிதத்தில் நாள் குறிப்பிட்டிருந்தால் அதுதான். குறிப்பிடவில்லை என்றால், ஒப்பந்த நாளின் ஃபுல்லி டைல்யூட்டட் எண்ணிக்கை, அதாவது நம் உதாரணத்தில் 625, வழக்கத்தோடு ஒத்துப்போவது, இரண்டு பக்கமும் ஏற்கக் கூடியது. ஊழியர்களுக்கும் ஃபவுண்டர்களுக்கும் அடுத்த ரவுண்டில் பங்கு விகிதம் கரைகிறது. ஆலோசகருக்கு மட்டும் கரையாமல் 0.5 சதவீதமாகவே நிற்க வேண்டும் என்று கேட்க, கடிதத்தில் அதற்கென்று தனி வாசகம் இருந்தாக வேண்டும். ஆகவே 812 கேட்டுப் பேரத்தைத் தொடங்குவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். 625-ஐ எண்ணாகவே எழுதி வாங்குவதுதான் முக்கியம். சதவீதத்தை விடுங்கள், விலகும் நாளுக்குப் பிறகு உங்கள் உரிமை எப்போதும் பங்கு எண்ணிக்கையில் இருக்கட்டும். பங்குப் பிரிப்பு, போனஸ் வெளியீடு நடந்தால் அதற்கேற்ப எண் மாறும் என்ற ஒரு வரி சேர்ந்தால் போதும். ஒரு பங்கைப் பத்தாகப் பிரித்துவிட்டு உங்களுக்கு 625-ஐ நீட்டும் விபத்தை அந்த ஒரு வரி தடுக்கும்.

மொத்தப் பங்கு எண்ணிக்கை உங்களுக்குத் தெரியாது, ஃபவுண்டர் சொல்வதை நம்ப வேண்டியிருக்கிறது என்றால், அமைச்சகத் தளத்தில் பொது ஆவணங்களைப் பார்க்கும் வசதி இருக்கிறது. சிறு கட்டணம் செலுத்தினால் அந்தக் கம்பெனி தாக்கல் செய்த PAS-3 படிவங்களைப் பார்க்கலாம். ஒவ்வொரு ஒதுக்கீட்டிலும் எத்தனை பங்கு, முகமதிப்பு எவ்வளவு, பிரீமியம் எவ்வளவு என்று அதில் இருக்கும். கம்பெனி தொடங்கியபோது எடுக்கப்பட்ட பங்குகளோடு இவற்றைக் கூட்டினால் வழங்கப்பட்ட பங்கு எண்ணிக்கை கிடைத்துவிடும். ஈசாப் ஒதுக்கீட்டின் அளவை மட்டும், அதற்குச் சிறப்புத் தீர்மானம் போட்டிருந்தால், அதோடு வரும் MGT-14 படிவத்தில் தேடலாம். அந்த 2,000 ரூபாய் விலையைப் பார்த்து மனக்கணக்குப் போட்டுவிடாதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதலீட்டாளர் வாங்குவது முன்னுரிமைப் பங்கு. கம்பெனி குறைந்த விலைக்குப் போனால் அவர் பணம் முதலில் வெளியே போகும், சாதாரணப் பங்கு வைத்திருப்பவருக்கு மிஞ்சியதுதான்.

பங்கு ஒதுக்கும் வழியில் போனால் நடைமுறையில் எங்கே முட்டும் என்பதையும் பார்த்துவிடலாம். மதிப்பீட்டாளர் அறிக்கையின் அடிப்படையில்தான் விலை நிர்ணயிக்க வேண்டும் என்பதால், "முகமதிப்பு பத்து ரூபாய்க்கு எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சும்மா கொடுத்துவிட முடியாது. மதிப்பீடும் 2,000 ரூபாய் என்றே வந்தால் 625 பங்கின் விலை 12,50,000 ரூபாய். இதை நீங்கள் கையிலிருந்து கட்டப் போவதில்லை. சிலர் கையாளும் வழி, நீங்கள் ஆலோசனைக் கட்டணமாக 12,50,000 ரூபாய்க்குப் பில் கொடுப்பது, கம்பெனி அதை வங்கி வழியாகச் செலுத்துவது, நீங்கள் அதே பணத்தைப் பங்கு விண்ணப்பத்துக்குத் திருப்பிக் கட்டுவது. இதில் பத்து சதவீதம், 1,25,000 ரூபாய், டி.டி.எஸ். ஆகக் கழிந்துவிடும், மீதி 11,25,000-க்கு 562 பங்குதான் வாங்க முடியும். உங்களுக்கு ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் 18 சதவீதம் பில்லில் மேலே சேரும். முழுத் தொகையும் உங்கள் அந்த வருட வருமானம். முப்பது சதவீத வரி அடுக்கில் இருப்பவர், விற்க முடியாத பங்கைக் கையில் வைத்துக்கொண்டு டி.டி.எஸ். போக மீதி இரண்டரை லட்சம், செஸ் தனி, சொந்தப் பணத்தில் வரி கட்ட வேண்டியிருக்கும். சேவைக்கு ஈடாக நேரடியாகப் பங்கு ஒதுக்கினாலும், அந்தச் சேவையின் மதிப்பையும் மதிப்பிட வேண்டும், வரியும் விலகாது. வருமானத்தின் எந்தத் தலைப்பில், எந்த மதிப்பில் வரி என்பது வழி மாறினால் மாறும். கையெழுத்திடும் முன் உங்கள் ஆடிட்டரிடம் இந்த ஒரு கேள்வியை மட்டுமாவது கேட்டுவிடுங்கள். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு, பேண்டம் ஸ்டாக் அத்தனை மோசமில்லை என்று பலருக்குத் தோன்றும். அதில் பணம் கைக்கு வரும்போதுதான் வரி. அதன் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது: கம்பெனி விற்பனை என்றால் என்ன என்பதை ஒப்பந்தம் சரியாக வரையறுக்கவில்லை என்றால், கம்பெனியை விற்காமல் அதன் தொழிலையும் ஆட்களையும் மட்டும் வேறொருவர் எடுத்துக்கொள்ளும்போது உங்களுக்கு ஒன்றும் வராது. "பங்கு விற்பனை, இணைப்பு, தொழில் அல்லது சொத்தின் பெரும்பகுதி மாற்றம் எதுவானாலும்" என்று இருக்க வேண்டும். அதோடு ஒரு கடைசி நாளும் வேண்டும். எட்டு வருடம் ஆகியும் எதுவும் நடக்கவில்லை என்றால் அன்றைய மதிப்பீட்டில் கணக்குத் தீர்க்கப்படும் என்பது போல.

இனி வரிசை. ராஜினாமாக் கடிதத்தை முதலில் அனுப்பிவிட்டுப் பங்கைப் பற்றிப் பிறகு பேசுவது தவறான வரிசை. விலகுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே, சண்டை தொனி இல்லாமல், ஒரு மெயில் போடுங்கள்: "என் கடிதத்தின்படி இந்த மாத இறுதியில் 625 பங்கு வெஸ்ட் ஆகியிருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறேன், உங்கள் கணக்கும் இதுதானா, இதை எந்த வடிவில் தருவதாகத் திட்டம்?" ஃபவுண்டர் "ஆமாம், சரிதான், ரவுண்டு முடிந்ததும் பார்க்கலாம்" என்று பதில் போட்டாலே அது எழுத்து மூலமான ஒப்புதல். ஒப்பந்த மீறலுக்கு வழக்குப் போடக் காலவரம்பு மூன்று வருடம். அந்த வரம்புக்குள் எதிர்த்தரப்பு தன் கடப்பாட்டை எழுத்தில் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டால், அந்த நாளிலிருந்து புது மூன்று வருடம் தொடங்கும் என்கிறது 1963-ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டம். வாய்மொழி உறுதிக்கு அந்தச் சக்தி கிடையாது. மெயில் கையெழுத்துக்குச் சமமா என்ற வாதத்துக்கே இடம் கொடுக்காமல், கையெழுத்திட்ட கடிதமாகவே வாங்கிவிடுவது நல்லது. இதையும் உடனே செய்யுங்கள்: கம்பெனி கொடுத்த மெயில் ஐ.டி.யில்தான் உங்கள் நியமனக் கடிதமும் பங்கைப் பற்றிய கடிதப் போக்குவரத்தும் இருக்கிறதா? விலகிய அன்றே அந்தக் கணக்கை மூடிவிடுவார்கள். உங்கள் சொந்த நிபந்தனைகள் பற்றிய மெயில்களை மட்டும் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். வருமான அறிக்கை, வாடிக்கையாளர் பட்டியல் போன்றவற்றை ஒரு பக்கம்கூடத் தொடாதீர்கள். அதுவே பிறகு உங்களுக்கு எதிரான ஆதாரம் ஆகும்.

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். ஆங்கிலத்தில்தான் எழுதப் போகிறீர்கள், பொருள் இப்படி இருக்கட்டும்: "இன்ன தேதியிட்ட ஆலோசகர் ஒப்பந்தத்தின்படி அறிவிப்பு கொடுத்து, 2025 ஜூன் 30 முதல் அட்வைசரி போர்டிலிருந்து விலகுகிறேன். அந்த நாள்வரை எனக்கு வெஸ்ட் ஆன பங்குகள் 625 என்பதையும், மீதி 375 பங்குகளில் எனக்கு உரிமை இல்லை என்பதையும் இரு தரப்பும் உறுதி செய்கிறோம். கம்பெனி இவற்றை இன்ன வடிவில், இன்ன நாளுக்குள் வழங்கும். சட்டத்தாலோ முதலீட்டாளர் சம்மதமின்மையாலோ வழங்க முடியாவிட்டால், அதற்கு ஈடான பண உரிமையை இன்ன நிபந்தனையில் தரும். ஒப்பந்தத்தின் ரகசியப் பிரிவு அதில் சொன்ன காலத்துக்குத் தொடரும். இந்தக் கடிதம் மேற்படி பங்கு உரிமையைக் கைவிடுவதாகாது." கீழே உங்கள் கையெழுத்து, அதன் கீழே "கம்பெனிக்காக ஏற்கப்பட்டது" என்று இயக்குநரின் கையெழுத்து, நாள். விலகும் காரணத்தை எழுத வேண்டாம். மீதி 375-ஐ விட்டுக்கொடுக்கும் வரி உங்களுக்கு நஷ்டம் போலத் தெரியும். ஆனால் கம்பெனி கையெழுத்திடுவதற்கு அதுதான் காரணமாக இருக்கும்; அடுத்த ரவுண்டில் கேப் டேபிளைச் சுத்தமாகக் காட்ட அந்த வரி அவர்களுக்கு வேண்டும்.

இதற்குப் பதிலாகக் கம்பெனி தானே ஒரு "விலகல் ஒப்பந்தம்" தயாரித்து அனுப்பலாம். அதில் "இரு தரப்புக்கும் இடையே எந்தக் கோரிக்கையும் பாக்கியில்லை" என்ற முழுத் தீர்வுப் பிரிவு எங்காவது கடைசிப் பக்கத்தில் இருக்கும். அதே ஆவணத்தில் 625 பங்கு தனியாக எழுதப்பட்டு, தீர்வுப் பிரிவிலிருந்து விலக்கப்பட்டிருந்தால் பரவாயில்லை. இல்லையென்றால் அந்தக் கையெழுத்தோடு உங்கள் பங்கு முடிந்தது. ஆலோசகர்கள் பங்கை இழப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், நீதிமன்றத்தில் அல்ல. பழைய ஒப்பந்தத்தில் "விலகும்போது வெஸ்ட் ஆனதையும் கம்பெனி முகமதிப்புக்குத் திரும்ப வாங்கலாம்" என்றோ, "தானாக விலகினால் எதுவும் இல்லை" என்றோ ஒரு பிரிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் நான் மேலே சொன்ன கணக்கு முழுவதும் பேரப் பொருளாகிவிடும், உரிமையாக இருக்காது.

ரகசியத்துக்கு வருவோம். என்.டி.ஏ., அதாவது ரகசியக் காப்பு ஒப்பந்தம், எத்தனை காலம் கட்டும் என்பதை உங்கள் ஒப்பந்தத்தின் தொடர்ச்சிப் பிரிவுதான் சொல்லும். விலகிய பிறகு இரண்டு அல்லது மூன்று வருடம் என்றும், வணிக ரகசியம் என்ற வகைக்கு மட்டும் அது ரகசியமாக இருக்கும்வரை என்றும் எழுதுவது வழக்கம். காலமே குறிப்பிடவில்லை என்றால் "அப்படியானால் விலகியதோடு முடிந்தது" என்று எண்ணிவிடாதீர்கள். இந்தியாவில் வணிக ரகசியத்துக்கென்று தனிச் சட்டம் இல்லாவிட்டாலும், நம்பிக்கையின் பேரில் சொல்லப்பட்ட தகவலைக் காக்கும் கடமையை நீதிமன்றங்கள் ஒப்பந்தம் இல்லாமலேயே ஏற்றிருக்கின்றன. காலம் குறிப்பிடாத என்.டி.ஏ. எத்தனை வருடம் செல்லும் என்பது அந்தத் தகவலின் தன்மையைப் பொறுத்தது, உறுதியாக ஒரு எண் சொல்ல முடியாது. விலைப் பட்டியல் ஆறு மாதத்தில் பழசாகிவிடும். தயாரிப்பு முறை பத்து வருடம் ஆனாலும் ரகசியம்தான். விலகல் கடிதத்திலேயே "பொதுவான ரகசியத் தகவலுக்கு இரண்டு வருடம்" என்று ஒரு காலத்தை எழுதிக்கொள்வது இரண்டு தரப்புக்கும் நல்லது.

போட்டிக் கம்பெனிக்கு ஆலோசகராகப் போகலாமா என்பது இதிலிருந்து வேறு. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 27-ஆம் பிரிவின்படி, உறவு முடிந்த பிறகு ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் நிபந்தனை செல்லாது. உங்கள் கடிதத்தில் "விலகிய பின் ஒரு வருடம் போட்டியாளருடன் பணிபுரியக் கூடாது" என்று இருந்தாலும் அது பெரும்பாலும் வெறும் எழுத்து. ஆனால் ரகசியக் கடமை செல்லும், அதைத் தடையாணை மூலம் அமல்படுத்துவார்கள். இந்தக் கம்பெனியின் ஊழியர்களையோ வாடிக்கையாளர்களையோ இழுக்கக் கூடாது என்ற நிபந்தனை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. தீர்ப்புகள் இரண்டு பக்கமும் இருப்பதால் அதை மீறிப் பார்ப்பது புத்திசாலித்தனம் அல்ல. ஆகவே அடுத்த மாதமே அதே துறையில் வேறொரு கம்பெனியில் சேரலாம், ஆனால் அங்கே விலை நிர்ணயம் பற்றிய கூட்டத்தில் உட்காராமல் இருப்பது உங்களுக்குப் பாதுகாப்பு. இரண்டு நாளுக்கு முன்பு வரை ஒருவருடைய விலைத் திட்டத்தைப் பார்த்தவர், போட்டியாளரின் விலைத் திட்டத்துக்கு யோசனை சொன்னால், அவர் எதையும் வெளியிடவில்லை என்று நம்ப வைப்பது கடினம்.

கடமை எங்கே முடிகிறது என்பதையும் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே பொதுவில் இருந்தது, நீங்கள் சேரும் முன்பே உங்களுக்குத் தெரிந்தது, வேறொருவர் முறைப்படி சொன்னது, நீதிமன்றமோ வரித்துறையோ கேட்டது: இவை ரகசியத்தில் சேரா. இவற்றோடு இன்னொரு விலக்கையும் கேளுங்கள். உங்கள் பங்கு உரிமையை நிலைநாட்டவும் வரி ஆலோசனை பெறவும் உங்கள் வழக்கறிஞர், ஆடிட்டரிடம் ஒப்பந்தத்தைக் காட்டலாம் என்ற வரி அது. அது இல்லாத கறாரான என்.டி.ஏ.வில் உங்கள் பங்குக் கடிதமே ரகசிய ஆவணம் ஆகிவிடும். "எல்லா ஆவணங்களையும் திருப்பித் தர வேண்டும் அல்லது அழிக்க வேண்டும்" என்ற பிரிவிலும் இதே பொறி உண்டு. கம்பெனியின் கோப்புகளை அழித்துவிட்டேன் என்று எழுதிக் கொடுங்கள். ஒப்பந்தம், அதன் திருத்தங்கள், பங்கைப் பற்றிய கடிதங்கள் இவற்றின் ஒரு பிரதி என்னிடம் இருக்கும் என்றும் அதே வரியில் எழுதுங்கள். கூகுள் டிரைவ், ஸ்லாக், முதலீட்டாளர் டேட்டா ரூம், வாட்ஸ்அப் குழு ஆகியவற்றிலிருந்து உங்களை நீக்கச் சொல்லி, நீக்கியதற்குப் பதில் மெயில் கேளுங்கள். நீங்கள் வெளியேறிய பிறகும் திறந்து கிடக்கும் அணுகல், நாளை ஏதாவது கசிந்தால் உங்கள் மேல் விழும் சந்தேகம். அவர்களுடைய இணையதளத்திலும் பிட்ச் டெக்கிலும் இருக்கும் உங்கள் பெயரையும் படத்தையும் முப்பது நாளுக்குள் எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் லிங்க்ட்இன்னில் முடிவு தேதியை நீங்கள் போட்டுவிடுங்கள்.

கடிதம் கொடுத்தது டெலவேரில் பதிவான தாய்க் கம்பெனி என்றால், ஆலோசகருக்கு ஸ்டாக் ஆப்ஷன் கொடுப்பதில் அங்கே தடையில்லை. அங்கு பார்க்க வேண்டியது வேறு இரண்டு. கடிதம் மட்டும் ஆப்ஷன் ஆகாது. இயக்குநர் குழு ஒப்புதல் கொடுத்த நாளில்தான் ஆப்ஷன் பிறக்கிறது, அன்றைய மதிப்பீட்டில்தான் விலை நிற்கிறது. பதினைந்து மாதமாகக் குழு ஒப்புதலே வாங்கவில்லை என்றால், இப்போது வாங்கும்போது விலை ஏறியிருக்கும். ஒப்புதல் வாங்கியிருந்தால், விலகிய நாளிலிருந்து பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் பணம் கட்டி வாங்க வேண்டும், தவறினால் வெஸ்ட் ஆனதும் காலாவதி. அந்த நாளைக் காலண்டரில் குறித்துவிட்டுத்தான் ராஜினாமாவை அனுப்ப வேண்டும்.

ஃபவுண்டர் எதற்கும் பதில் தராமல் இழுத்தடித்தால் நீதிமன்றம் பங்கையே ஒதுக்கச் சொல்லுமா, நஷ்டஈடு மட்டும் தருமா என்பது உறுதியில்லாத விஷயம். பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம் தேவைப்படும் ஒன்றைக் கட்டாயப்படுத்துவது கடினம் என்பதால், நஷ்டஈட்டுக் கோரிக்கைதான் யதார்த்தம். ஒப்பந்தத்தில் நடுவர் தீர்ப்புப் பிரிவு இருந்தால் அந்த வழிதான். முத்திரைத் தீர்வை கட்டாத ஒப்பந்தம் என்றால் அதைக் கட்டி, அபராதமும் செலுத்திச் சரிசெய்த பிறகே ஆதாரமாகக் காட்ட முடியும். நம் உதாரணத்தைப் போலப் பத்து லட்சத்தைச் சுற்றி இருக்கும் கோரிக்கையில் வழக்குச் செலவு பலனைத் தின்றுவிடும். அதைவிட வலுவான நேரம், அடுத்த முதலீட்டு ரவுண்டில் முதலீட்டாளர் கம்பெனியின் ஆவணங்களைத் துருவிப் பார்க்கும் காலம். அப்போது கம்பெனி செக்ரட்டரிக்குப் பிரதி போட்டு, தேதியும் எண்ணும் உள்ள ஒரு வக்கீல் கடிதம் போனால் பதில் வரும்.